சர்க்கரை நோயாளிக்குத் தனிச் சமையல் தேவையா? ஒரே சமையலை ஐந்து தட்டில் பிரிப்பது எப்படி?

வீட்டில் ஒருவருக்கு 'சுகர்' என்று தெரிந்ததும் முதலில் மாறுவது அடுப்படிதான். மற்றவர்களுக்கு ஒரு சமையல், அவருக்கு மட்டும் தனிச் சமையல். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அப்பாவுக்கு 54 வயதில் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அன்று முதல் அம்மா அவருக்கு மட்டும் தனியாகக் கேழ்வரகுக் கஞ்சியும் சப்பாத்தியும் செய்தார். நாங்கள் சாம்பார் சோறு சாப்பிடும்போது அப்பா தனியாக, சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். இரண்டு வருடம் இப்படியே போனது. சர்க்கரை அளவு குறையவில்லை. அம்மாவுக்கு வேலை கூடியது. அப்பாவுக்கு வெளியில் சாப்பிடும் பழக்கம் வந்தது. அது மட்டும்தான் மிச்சம்.

குடும்பங்களுக்கான உணவுத் திட்டம் பற்றி ஒரு வீடியோ செய்யலாம் என்று முடிவானதும், அதை எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே எடுத்தோம். ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு அளவுகோல், ஒரு குளுக்கோமீட்டர். இவ்வளவுதான் கருவிகள். சமைப்பது ஒரே சமையல்; மாறுவது தட்டு மட்டும். அந்தத் தட்டை எப்படிப் போடுவது, எங்கே தப்பு வரும், யார் இதை அப்படியே செய்யக் கூடாது என்பதை இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

தட்டு முறை என்றால் என்ன?

சர்க்கரை நோய் உணவு பற்றிய விளக்கங்களில் ஒரு வட்டத் தட்டின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தட்டின் பாதி காய்கறி. மீதிப் பாதியை இரண்டாகப் பிரித்தால், ஒரு கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி போன்ற புரதம். இன்னொரு கால் பங்கு சோறு, சப்பாத்தி, இட்லி போன்ற மாவுச்சத்து. அமெரிக்க நீரிழிவு சங்கம் பரவலாக்கிய படம் இது. கலோரி கணக்கு தெரியாதவர்களும் கண்ணால் பார்த்தே அளவைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் சௌகரியம்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த 'இண்டியாப்' ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் சொன்னது. அதே ஆய்வுக் குழு 2025-ல் வெளியிட்ட உணவு பற்றிய கட்டுரைப்படி, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதாவது, நம் தட்டில் கால் பங்கு இருக்க வேண்டிய சோறு முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறது. காய் ஓரத்தில் ஒரு கைப்பிடி.

சரி, படத்தைப் பார்த்து அப்படியே தட்டைப் போட்டுவிடலாமே? அங்கேதான் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.

படத்தில் ஒரு தடவை, நம் வீட்டில் மூன்று தடவை

அந்தப் படம் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: எல்லாச் சாப்பாடும் ஒரே நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும், இரண்டாவது தடவை கிடையாது என்று. ஆனால் நம் மதியச் சாப்பாடு அப்படி இல்லை. முதலில் சாம்பாருக்குச் சோறு. அடுத்து ரசத்துக்குச் சோறு. கடைசியில் மோருக்கோ தயிருக்கோ சோறு. ஒவ்வொரு தடவையும் தட்டு காலியாகி மறுபடி நிரம்புகிறது. எந்த ஒரு நேரத்தில் தட்டைப் பார்த்தாலும் சோறு அளவாகத்தான் தெரியும். கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு வெளியே வரும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் அளந்தோம். அப்பாவிடம், "எப்பவும் ஞாயித்துக்கிழமை சாப்பிடுற மாதிரியே சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறை சோறு போடும்போதும் தட்டைத் தராசில் வைத்தோம். சாம்பாருக்கு 180 கிராம், ரசத்துக்கு 150 கிராம், தயிருக்கு 120 கிராம். மொத்தம் 450 கிராம் சோறு. கூடவே உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். பீன்ஸ் பொரியல் 40 கிராம்.

"நான் கொஞ்சமாத்தானே சாப்பிட்டேன்?" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை. மூன்று தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார்.

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கும். அப்படியென்றால் 450 கிராமில் 126 கிராம். சர்க்கரை நோயாளியின் உடம்பு ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டிய மாவுச்சத்து அது. உருளைக்கிழங்கைச் சேர்த்தால் இன்னும் அதிகம்.

முதலில் தட்டை அளங்கள்

தட்டு முறையில் சொல்லப்படும் தட்டு 9 இன்ச். நம் வீட்டு எவர்சில்வர் தட்டை அளவுகோல் வைத்து அளந்தால், விளிம்பை விட்டுவிட்டே 12 இன்ச் வந்தது. மூன்று இன்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் வட்டத்தின் பரப்பளவைப் பார்த்தால், 12 இன்ச் தட்டு 9 இன்ச் தட்டைவிட ஏறக்குறைய முக்கால் மடங்கு பெரியது. பெரிய தட்டில் 'கால் பங்கு சோறு' என்று போட்டால், அது சின்னத் தட்டின் கால் பங்கைவிட முக்கால் மடங்கு அதிகச் சோறு. போதாததற்குச் சோற்றை நாம் பரப்பி வைப்பதில்லை, குவித்து வைக்கிறோம். படத்தில் உயரம் தெரியாது.

அதனால் வீடியோவில் இரண்டு விஷயம் செய்தோம். ஒன்று, டிபன் சாப்பிடும் சின்னத் தட்டையே மதியத்துக்கும் எடுத்தோம். அது சரியாக 9 இன்ச். இரண்டு, சோற்றுக்கு மட்டும் ஒரு கிண்ணத்தை அளவாக வைத்துக்கொண்டோம். எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் அழுத்தாமல், தலை தட்டி நிரப்பினால் 150 கிராம் சோறு பிடிக்கிறது. மாவுச்சத்துக் கணக்கில் 40 கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

உங்கள் வீட்டுக் கிண்ணம் வேறாக இருக்கலாம். தராசு இல்லாவிட்டால் 200 மில்லி டம்ளரில் அழுத்தாமல் நிரப்பிப் பாருங்கள். கிட்டத்தட்ட இந்த அளவுதான் வரும். ஒரு தடவை அளந்து, அந்தக் கிண்ணத்தைச் சோற்றுப் பானை பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். தினமும் எடைபோட வேண்டியதில்லை.

அப்போ ரசம், தயிர் வேண்டாமா?

வேண்டும். சாம்பார், ரசம், தயிர் என்ற வரிசையை விடச் சொன்னால் எந்த வீட்டிலும் இந்த முறை மூன்று நாள் தாண்டாது. வரிசை அப்படியே இருக்கட்டும். சோறு மட்டும் ஒரே தடவை வரட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குத் தட்டு போட்ட விதம் இது. முதலில் தட்டின் பாதியில் பீன்ஸ் பொரியலும் கீரையும். பொரியல் 120 கிராம், கீரை 80 கிராம். கால் பங்கில் ஒரு முழு அவித்த முட்டையும் கெட்டியாக எடுத்த சாம்பார்ப் பருப்பும். மீதிக் கால் பங்கில் அந்த ஒரு கிண்ணச் சோறு. அந்தச் சோற்றையே கரண்டியால் மூன்றாகப் பிரித்தோம். பாதி சாம்பாருக்கு, மீதியில் கொஞ்சம் ரசத்துக்கு, கடைசிப் பிடி தயிருக்கு.

ரசத்தைப் பாதி சோற்றில் ஊற்றிக்கொண்டு, மீதியை டம்ளரில் குடித்தார். தயிர் ஒரு சின்னக் கிண்ணம், சர்க்கரை இல்லாமல். சோற்றில் பிசைந்தது ஒரு பிடி, மீதியை ஸ்பூனால் சாப்பிட்டார். சோற்றுப் பானை சமையலறையிலேயே இருந்தது. பொரியல் சட்டியும் கீரைச் சட்டியும் மட்டும் கூடத்துக்கு வந்தன. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்காமல் நம் ஆட்களால் இருக்க முடியாது. அதனால் கேட்பதைக் கேட்கட்டும், பொரியலைக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

சாப்பிடும் வரிசையிலும் ஒரு சின்ன மாற்றம். சோற்றில் கை வைப்பதற்கு முன்பே பாதிப் பொரியலையும் முட்டையையும் சாப்பிடச் சொன்னோம். காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து பிறகு என்று சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போவதால் வயிற்றிலிருந்து உணவு மெதுவாக இறங்குகிறது. இதற்குத் தனிச் செலவு எதுவும் கிடையாது.

காய் என்று நினைத்து ஏமாறுவது எங்கே?

தட்டின் பாதியைக் காயால் நிரப்பச் சொன்னால், பல வீடுகளில் நடக்கும் தப்பு ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கு, சேனைக்கிழங்கு, மரவள்ளி, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் ஆகிய எல்லாமே காய்கறிக் கடையில்தான் கிடைக்கின்றன. ஆனால் தட்டில் அவற்றின் இடம் சோற்றுப் பக்கம். உருளைக்கிழங்கு வறுவல் ஒரு கரண்டி எடுத்தால், அந்த அளவுக்குச் சோறு குறைய வேண்டும். வீடியோ கிராஃபிக்ஸில் உருளைக்கிழங்கு 'காய்' பகுதியிலிருந்து உருண்டு போய்ச் சோற்றுப் பகுதியில் விழுவது போல் காட்டியது இதற்காகத்தான்.

இன்னொரு தப்பு சாம்பார். "பருப்பு தினமும் இருக்கே" என்று அம்மா சொன்னார். எவ்வளவு பருப்பு போடுகிறார் என்று பார்த்தோம். ஐந்து பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு. ஆளுக்கு 20 கிராம். அதில் கிடைக்கும் புரதம் நான்கரை கிராம் அளவுக்குத்தான். ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம். தண்ணீராக எடுத்த சாம்பாரை ஊற்றிக்கொண்டால் அதுவும் கிடைக்காது. எனவே சாம்பாரைத் தவிர இன்னொரு புரதம் தட்டில் இருக்க வேண்டும். முட்டை, மீன், சுண்டல், பயறு, பனீர் என்று எதுவானாலும் சரி. வறுத்த மீனைவிடக் குழம்பு மீன் நல்லது. பாட்டி முட்டை சாப்பிட மாட்டார். அவருக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் வைத்தோம். சுண்டலில் மாவுச்சத்தும் உண்டு. ஆனால் நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்திருப்பதால் அது சோறு போல வேகமாக ஏறாது.

சிறுதானியத்துக்கு மாறினால் போதுமா?

இந்தக் கேள்விதான் எங்கள் வீட்டு இரண்டு வருடக் கதை. சோற்றை நிறுத்திவிட்டுக் களி, கஞ்சி, சப்பாத்தி என்று மாறினால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைத்தோம். அப்பா இரவில் நான்கு சப்பாத்தி சாப்பிடுவார். 30 கிராம் கோதுமை மாவில் தட்டிய ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. நான்கு என்றால் 80. அது இரண்டு கிண்ணச் சோறு.

மேலே சொன்ன 2025 ஆய்வும் இதையேதான் சொல்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் சர்க்கரை நோய்க்கான ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புரதத்தை வைத்தபோது குறைந்தது. சிறுதானியம் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதில் நார்ச்சத்து அதிகம், வயிறும் நிறையும். ஆனால் அதற்கும் அளவு உண்டு.

வீடியோவுக்காக 'ஒரு கிண்ணச் சோற்றுக்குச் சமம்' என்று ஒரு வரிசை அடுக்கி வைத்தோம். கையளவு சப்பாத்தி இரண்டு. வீட்டு இட்லி நான்கு. மெல்லிய தோசை இரண்டு. 60 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களி ஓர் உருண்டை. எல்லாமே ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்துதான். இவற்றில் எது வேண்டுமானாலும் அந்தக் கால் பங்கில் வரலாம். ஒன்று வந்தால் இன்னொன்று வராது. சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் மோர் சோறு" என்று முடிப்பது எங்கள் வீட்டில் வழக்கம். அதுதான் கணக்கை உடைக்கும் இடம்.

காலை டிபனில் இன்னொரு குறை உண்டு. இட்லி, சட்னி, சாம்பார் என்றால் தட்டில் காயே இருக்காது. அதற்கு அம்மா கண்டுபிடித்த வழி எளிமையானது. காலைச் சாம்பாரில் சுரைக்காய், பூசணி, கத்திரிக்காய் என்று காயைக் கூடுதலாகப் போட்டு, கிண்ணத்தில் தனியாக ஊற்றிக்கொடுப்பது. மூன்று இட்லி, ஒரு கிண்ணம் காய் நிறைந்த சாம்பார், ஒரு முட்டை அல்லது ஒரு கைப்பிடி முளைகட்டிய பயறு. அப்பா ஐந்து இட்லி சாப்பிட்ட இடத்தில் இப்போது இதுதான்.

அவசரத்தில் நாங்கள் செய்த தப்பு

இந்தக் கட்டுரையில் எதைத் தாண்டிப் போனாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் ஞாயிறு அளந்து பார்த்து அதிர்ந்துபோய், திங்கட்கிழமையே மாற்றிவிட்டோம். அதிலும் அப்பா ஒரு படி மேலே போய், காலையில் இரண்டே இட்லியோடு நிறுத்திக்கொண்டார். மாத்திரையை மட்டும் எப்போதும் போல் போட்டார். அவர் போடுவது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கை நடுங்கியது, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. "பசி கண்ணை மறைக்குது" என்றார். குளுக்கோமீட்டரில் 64.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். வழக்கமாகச் சாப்பிடும் மாவுச்சத்தைக் கணக்கில் வைத்துத்தான் டாக்டர் அந்த அளவை எழுதியிருப்பார். சாப்பாட்டை மட்டும் பாதியாக்கிவிட்டு மாத்திரையை அப்படியே விட்டால் சர்க்கரை இப்படித் தாழ்ந்து போகும். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

அன்று மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோது 88. பிறகு மதியச் சாப்பாட்டைச் சீக்கிரமே கொடுத்தோம். 15 நிமிடத்தில் 70-ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் இல்லாத வீட்டில் சாதாரணச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கலாம். ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை போடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது. அது உடைந்து ரத்தத்தில் சேர்வதை அந்த மாத்திரையே தாமதப்படுத்தும். அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் கண்டிப்பாக இருக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். சாப்பாட்டை மாற்றியதைச் சொன்னதும், காலை கிளிமிபிரைடு அளவைப் பாதியாக்கினார். "முதல்ல என்கிட்ட வந்திருக்கணும், அப்புறம்தான் தட்டு" என்றார். சரியான வரிசை அதுதான். சோற்றை எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குக் குறைக்கப் போகிறீர்கள் என்பதை மாத்திரைச் சீட்டோடு போய்ச் சொல்லுங்கள். அதுவும் ஒரே நாளில் மூன்று கிண்ணத்திலிருந்து ஒன்றுக்கு வர வேண்டாம். வாரத்துக்கு அரைக் கிண்ணம் என்று குறைத்தால் பசியும் பழகும், மாத்திரையையும் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

மூன்று மாதம் காத்திருந்து ஹெச்பிஏ1சி பார்ப்பது ஒரு வழி. அதற்கு முன்பே, ஒரு சாப்பாடு உங்களை என்ன செய்கிறது என்று குளுக்கோமீட்டர் காட்டிவிடும். சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்கிடக் கூடாது. விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் எண் பொய் சொல்லும்.

அப்பாவுக்கு முதல் ஞாயிறு சாப்பாட்டுக்கு முன் 134, இரண்டு மணி நேரம் கழித்து 246. அதாவது 112 ஏறியிருந்தது. அடுத்த ஞாயிறு முன் 128, பின் 181. ஏற்றம் 53. காலை மாத்திரை பாதியான பிறகும் இந்த அளவு. பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் 180-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து உங்கள் இலக்கை டாக்டர் மாற்றியும் சொல்லலாம். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. தூக்கம், நடை, சளிக்காய்ச்சல் எல்லாமே அதை மாற்றும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு வேளைக்கும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினால், எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஐந்து பேர், ஐந்து தட்டு

இப்போது அடுப்பில் ஒரே சமையல். ஆனால் ஐந்து பேருக்கும் ஒரே தட்டு கிடையாது. தம்பிக்குப் பதினேழு வயது, மாலையில் ஃபுட்பால் ஆடுகிறான். அவனுக்கு அதே பொரியல், அதே முட்டை, சோறு மட்டும் இரண்டரைக் கிண்ணம். வளரும் பிள்ளைகளின் சோற்றை அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று குறைக்கக் கூடாது. அம்மாவும் நானும் அப்பா அளவிலேயே காய் எடுத்துக்கொண்டு, சோறு ஒன்றரைக் கிண்ணம்.

பாட்டிக்கு 78 வயது. அவருக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் ஒல்லியான உடம்பு, சாப்பிடுவதே ஒரு கிண்ணம்தான். அதிலும் குறைத்தால் உடம்பு தளரும், தாழ்சர்க்கரையும் வரும். அவருக்குக் காயை மட்டும் குழைய வேகவைத்துக் கொடுக்கிறோம். சோற்றில் கை வைக்கவில்லை. ஆனால் அப்பாவின் தட்டைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதான் சோறாடா? எம்புள்ளைக்கு வயிறு நிறையுமா?" என்று முதல் நாள் அவர் கண் கலங்கியதை வீடியோவில் வைக்கவில்லை. மறுநாள் காலிப் பொரியல் சட்டியைக் காட்டி, "அம்மா, நான்தான் முடிச்சேன்" என்று அப்பாவே சமாதானம் சொன்னார்.

சிலருக்கு இந்தத் தட்டு அப்படியே பொருந்தாது. சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் புரதத்தின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கீரை, சில காய்களில் உள்ள பொட்டாசியமும் அவர்களுக்குப் பிரச்னையாகலாம். கர்ப்ப காலச் சர்க்கரைக்கும், இன்சுலின் போடும் குழந்தைகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. அவர்களுக்கு உணவியல் நிபுணரிடம் எழுதி வாங்கித்தான் செய்ய வேண்டும்.

நிஜமான செலவு எது?

தட்டின் பாதி காய் என்று சொல்வது சுலபம். ஐந்து பேருக்கு ஆளுக்கு 200 கிராம் என்றால், மதியத்துக்கு மட்டும் ஒரு கிலோ காய் வேண்டும். அதுவரை எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுமைக்கும் வாங்கியது அரைக் கிலோ. பீன்ஸ், காலிஃபிளவர் என்றே வாங்கினால் பட்ஜெட் தாங்காது. முட்டைக்கோஸ், சுரைக்காய், புடலங்காய், பூசணி, கத்திரிக்காய், கீரைக்கட்டு என்று அன்றைக்கு எது மலிவோ அதுவே போதும். குறையும் அரிசியும் எண்ணெயும் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக ஈடுகட்டாது.

காசைவிடப் பெரிய செலவு நேரம். ஒரு கிலோ காயை யார் நறுக்குவது? முன்பு தனிச் சமையல் செய்த அம்மாவிடமே இதையும் கொடுத்தால் சுமை இடம் மாறியதே தவிரக் குறையவில்லை என்றாகிவிடும். இப்போது இரவுச் செய்தி பார்க்கும்போது அப்பா அடுத்த நாளுக்கான காயை நறுக்கி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறார். கீரையைத் தம்பி ஆய்கிறான். ஆய்வதில் பாதி தண்டு தரையில் கிடக்கும். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதது போல் போய்விடுகிறார்.

மதியம் இப்போது அப்பா தனியாக, முன்னதாகச் சாப்பிட்டு எழுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். போன வாரம் ரசத்துக்குச் சோறு மிச்சம் வைக்க மறந்து, சாம்பாரிலேயே மொத்தத்தையும் முடித்துவிட்டார். "பரவாயில்ல, ரசத்தைக் குடிச்சுக்கிறேன்" என்று டம்ளரை நீட்டினார். அம்மா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னும் ஒரு கரண்டி பொரியல் கொண்டுவந்து போட்டார்.